வடக்குப் பால்கனிக் கீரைக்கு எந்த விளக்கு, எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம்?

"ஐயா, ஓசூர்ல மூணாவது மாடி, வடக்கு பார்த்த பால்கனி. நாலடி ஸ்டாண்டில் கொத்தமல்லி, புதினா, பாலக்கீரை, ரெண்டு தொட்டி சாமந்தி வெச்சிருக்கேன். வெயில் வராததால் '1000 வாட்'னு போட்ட ஊதா கலர் செடி விளக்கை ஆன்லைன்ல வாங்கி, மேலே துணிக்கம்பியில் கட்டி ராத்திரி முழுக்க எரியவிடறேன். கீரையெல்லாம் நெடுநெடுன்னு வளர்ந்து சாயுது. சாமந்தி மொட்டே வைக்கல. விளக்கை மாத்தணுமா, உயரத்தை மாத்தணுமா, நேரத்தை மாத்தணுமா?"

மூன்றையும் மாற்ற வேண்டும். செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது.

முதலில் அந்த '1000 வாட்'. விளக்கோடு வந்த அடாப்டரைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 10 வாட். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட். அந்த அடாப்டர் அதற்கு மேல் ஒரு வாட்டும் தராது. '1000' என்பது விற்பவர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் எண். 'அதற்கு இணையானது' என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் சேர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வாங்கும் சாதாரண எல்இடி பல்பின் பெட்டியில் எத்தனை வாட், அது தரும் வெளிச்சம் எத்தனை லூமென் என்று அச்சிட்டிருக்கிறது. செடி விளக்கு என்று பெயர் வைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்கும் பொருள்கள் பலவற்றில் அந்த இரண்டு எண்ணும் உண்மையாக இருப்பதில்லை. இதைக் கேட்க ஆளில்லை என்பது எனக்குப் பல வருடத்து எரிச்சல். லூமென் எண் இல்லாத விளக்கை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊதா நிறத்துக்கு வருவோம். இலை சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சுகிறது என்பது உண்மை. அதனால் அந்த இரண்டு நிறச் சில்லுகளை மட்டும் வைத்துச் செய்கிறார்கள், சேர்ந்து ஊதாவாகத் தெரிகிறது. ஆனால் பச்சை வெளிச்சமும் இலைக்குப் பயன்படுகிறது. வெள்ளை எல்இடியில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் இருக்கின்றன. கீரைக்கு அது தாராளமாகப் போதும். ஊதா வெளிச்சத்தில் இன்னொரு கஷ்டம், இலை மஞ்சளாவதும் அசுவினிப் பூச்சி ஒட்டியிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. நோய் முற்றிய பிறகுதான் பார்ப்பீர்கள்.

எனவே நீங்கள் வாங்க வேண்டியது மின்சாமான் கடையில் கிடைக்கும், டியூப்லைட் போல நீளமான நாலடி எல்இடி பேட்டன். 20 வாட், சுமார் 2000 லூமென், ஒன்று 200 முதல் 300 ரூபாய்க்குள் வரும். நிறத்தில் 4000 கெல்வின் கிடைத்தால் நல்லது. கடைக்காரர் 6500தான் இருக்கிறது என்றால் அதையே வாங்குங்கள், கீரைக்குக் குறையொன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி 'பால்கனி செட்டப்' செய்து தருவதாகச் சொல்பவர்கள் பலர் இதே பேட்டனை வாங்கி, ஸ்டிக்கர் மாற்றி, 'செடிக்கான ஸ்பெக்ட்ரம்' என்று நாலு மடங்கு விலை போடுகிறார்கள். கூடவே உரம், பூச்சிமருந்து, மாதாமாதப் பராமரிப்பு என்று ஒரு பட்டியலும் வரும். உங்கள் ஸ்டாண்டுக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரின் அரை நாள் வேலை போதும்.

எத்தனை பேட்டன் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்தான் லக்ஸ். உங்கள் ஸ்டாண்ட் நாலடி நீளம், அகலம் ஒன்றேகால் அடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அரை சதுர மீட்டர். நாலு பேட்டன் போட்டால் 8000 லூமென். அரை சதுர மீட்டருக்கு அது 16,000 லக்ஸ். பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு சிதறிப் போனாலும் இலைமேல் 10,000 லக்ஸுக்குக் குறையாமல் விழும். கீரைக்கும் புதினாவுக்கும் அதுதான் நமக்கு வேண்டிய அளவு. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், ஆனால் கீரைக்கு அவ்வளவு தேவையில்லை. மிளகாய், தக்காளி காய்க்க இந்த வெளிச்சம் போதாது, அந்த ஆசையில் கூடுதலாக பேட்டன் வாங்க வேண்டாம்.

அடுத்தது உயரம். துணிக்கம்பி ஸ்டாண்டிலிருந்து மூன்றடியாவது மேலே இருக்கும். சிறு விளக்கு ஒன்றை ஓரடியிலிருந்து மூன்றடிக்குத் தூக்கினால் இலைமேல் விழும் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை, செடிக்குத் தெரிகிறது. வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுகிறது. உங்கள் கீரை சாய்வது அதனால்தான்.

நாலு பேட்டனையும் ஒரு பலகையில் நாலு விரற்கடை இடைவெளியில் அடித்து, இரு பக்கமும் சங்கிலி கட்டித் தொங்கவிடுங்கள். செடியின் உச்சி இலைக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கட்டும். வாரம் ஒருமுறை செடி வளர்ந்த அளவுக்குச் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றுங்கள். கைப்பேசியில் லக்ஸ் பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டு, போனை இலை மட்டத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். போனுக்குப் போன் அளவு மாறும் என்றாலும் 3000 எது, 10,000 எது என்று காட்டிவிடும். ஊதா விளக்குக்கு அந்த ஆப் உதவாது. அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கத்தான் செய்யப்பட்டது, ஊதாவைக் குறைத்துக் காட்டும்.

கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்தால் விளக்கு தூரம். உச்சி இலை வெளுத்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் விளக்கு கிட்டம். அடியிலிருக்கும் பழைய இலை மட்டும் மஞ்சளானால் பெரும்பாலும் உரக் குறை, விளக்கைத் தொடாதீர்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட கொத்தமல்லி இனிக் குட்டையாகாது. அதைப் பறித்துச் சட்னிக்கு எடுத்துக்கொண்டு மறுபடி விதையுங்கள். புதினாவை இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் புதிதாகத் துளிர்க்கும்.

இனி நேரம். பகலில் பால்கனியின் சுமாரான வெளிச்சம், இரவில் விளக்கு என்று உங்கள் செடிக்கு இருட்டே இல்லாமல் போயிருக்கிறது. கொத்தமல்லியும் பாலக்கும் நீண்ட பகலைக் கண்டால் இலையை விட்டுவிட்டுத் தண்டும் பூவுமாகிவிடும் ரகம். அதனால் விளக்கைப் பகலோடு சேர்த்து எரியவிடுங்கள், காலை 6 முதல் மாலை 6 வரை. பகல் வெளிச்சத்தோடு விளக்கும் சேர்ந்து வேலை செய்யும். இருட்டியதும் அணைந்துவிடுவதால் மழைக்கால ஈசலும் பால்கனிக்கு வராது.

சாமந்தி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீரைக்குச் சரியானது அதற்குச் சரியில்லை. சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் மொட்டு வைக்கும். நீண்ட இருட்டு, இடையில் வெளிச்சமே இல்லாத இருட்டு, வாரக்கணக்கில் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் இரவில் வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். செடி அவசரப்பட்டு மொட்டு வைக்காமல், தண்டு நீண்டு வளரட்டும் என்று விவசாயிகள் வேண்டுமென்றே நடுராத்திரியில் சில மணி நேரம் வெளிச்சம் காட்டுகிறார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்வதை நீங்கள் தெரியாமல் இரவு முழுக்கச் செய்திருக்கிறீர்கள். இதற்குப் பெரிய வெளிச்சமும் வேண்டாம், 100 லக்ஸ் போதும். ஹால் டியூப்லைட் கண்ணாடிக் கதவு வழியாகத் தொட்டிமேல் விழுந்தாலும், எதிரே தெருவிளக்கு இருந்தாலும் மொட்டு தள்ளிப்போகும். பகலில் சாமந்தியும் பேட்டனுக்குக் கீழே இருக்கலாம். மாலை 6 மணிக்கு மேல் இரண்டு தொட்டியையும் வீட்டு வெளிச்சம் படாத மூலைக்கு நகர்த்துங்கள், அல்லது கறுப்புத் துணியால் காலை வரை மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நடுவில் ஒருநாள் மறந்தால் பரவாயில்லை, அடிக்கடி மறந்தால் பலன் இருக்காது. ஒழுங்காக இருட்டு கிடைக்கத் தொடங்கியதிலிருந்து ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரத்தில் பூக்கும்.

டைமர் வாங்கும்போது சுற்றிவிடும் முள் டைமர் வேண்டாம். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரை மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அன்றைக்கு ஐந்து மணி நேரம் போனால் உங்கள் விளக்கு மறுநாள் காலை 11க்குத்தான் எரியும், இரவு 11க்குத்தான் அணையும். சாமந்தி மறுபடி குழம்பும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரைக் கேட்டு வாங்குங்கள்.

மின்கட்டணம்: 80 வாட், 12 மணி நேரம் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். உங்கள் வீட்டு அளவு 450ஐ ஒட்டி இருந்தால் கவனம். 500ஐத் தாண்டியதும் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறும் விதமாக நம் கட்டண அட்டவணை அமைந்திருக்கிறது. பத்து யூனிட் கூடியதற்கு இவ்வளவா என்று மக்கள் திகைப்பது நியாயம்தான். ஆனால் வருடம் முழுக்க விளக்கு வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் ஊருக்கு வடக்காகச் செல்கிறது. அப்போது வடக்குப் பால்கனியில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் விழும். எதிரே கட்டடம் மறைக்காவிட்டால் மே, ஜூன், ஜூலையில் விளக்கை அணைத்தே வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பேட்டன் வீட்டுக்குள் மாட்டச் செய்தது. உங்கள் பால்கனியில் ஐப்பசிச் சாரல் அடிக்குமானால் ஐபி 65 என்று போட்ட, நீர் புகாத பேட்டனை வாங்குங்கள். பிளக்கும் டைமரும் சுவர்ப்பக்கம் உயரத்தில் இருக்கட்டும், தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்போது உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, அதன் சோதனைப் பொத்தானை உங்கள் எதிரிலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உடனே கரண்ட் கட்டாக வேண்டும். ஆகாவிட்டால் அதை மாற்றிய பிறகே விளக்கை மாட்டுங்கள்.