இரண்டு வெப்கேமில் 20 மீட்டர் தூரம் ஏன் ஆடுகிறது?

கேள்வி: மண்டபம் கரையில் கட்டியிருக்கும் நாட்டுப்படகுகளின் தூரத்தை அளக்க, இரண்டு மலிவு வெப்கேம்களை 6 செ.மீ. இடைவெளியில் வைத்திருக்கிறேன். 2 மீட்டரில் சரியாக வருகிறது. 20 மீட்டரில் எண் 15க்கும் 28க்கும் நடுவே குதிக்கிறது. கேமரா கோளாறா?

பதில்: கேமராவைத் திட்டாதீர்கள், கணக்கே அப்படித்தான். 640 பிக்சல் அகலம், சுமார் 60 டிகிரி பார்வைக் கோணம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் குவியத் தூரம் f ஏறக்குறைய 550 பிக்சல். ஒரே பொருள் இரண்டு படங்களிலும் எத்தனை பிக்சல் தள்ளி விழுகிறதோ அந்த நகர்வு d. கேமராக்களின் இடைவெளி மீட்டரில் B. தூரம் `Z = f*B/d`. உங்களுக்கு f*B = 550 × 0.06 = 33.

2 மீட்டரில் நகர்வு 16.5 பிக்சல், அதில் அரை பிக்சல் பிசகினால் 6 செ.மீ. போகும், அவ்வளவுதான். 20 மீட்டரில் நகர்வே 1.65 பிக்சல். அதே அரை பிக்சல் இப்போது 15.3 என்றும் காட்டும், 28.7 என்றும் காட்டும். தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு.

இடைவெளியை 30 செ.மீ. ஆக்குங்கள். f*B 165 ஆகும், 20 மீட்டரில் பிழை 1.2 மீட்டருக்கு இறங்கும். விலையும் உண்டு: நகர்வை 64 பிக்சல் வரை தேடினால் 2.6 மீட்டருக்குள் இருப்பது எதுவும் கிடைக்காது. OpenCV-யில் நகர்வைக் கண்டுபிடிக்கும் வரிகள் இவை, L இடது படம், R வலது படம்:

```python
m = cv2.StereoSGBM_create(
    minDisparity=0, numDisparities=64, blockSize=7)
d = m.compute(L, R).astype("float32") / 16
```

அந்த 16ஆல் வகுப்பதை விட்டுவிட்டு "தூரம் தப்பு" என்று புலம்புபவர்கள் ஏராளம். `d` சுழியத்துக்கு மேல் உள்ள இடங்களில் மட்டும் தூரம் கணக்கிடுங்கள்.

பிளாஸ்டிக் கிளிப்பை நம்பாமல், இரண்டு கேமராவையும் ஒரே அலுமினியச் சட்டத்தில் திருகுங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஒரு கேமரா 0.1 டிகிரி பக்கவாட்டில் திரும்பினாலே நகர்வு கிட்டத்தட்ட 1 பிக்சல் மாறும். 30 செ.மீ. இடைவெளியிலும் 20 மீட்டர் 23 ஆகத் தெரியும். இது ஆடாத பிழை, சராசரி எடுத்தாலும் போகாது. கண்டுபிடிக்க வழி: ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பாம்பன் பாலத்தின் தூண்களைப் பாருங்கள். அங்கே நகர்வு 0.2 பிக்சலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் வருவதை எல்லா நகர்விலிருந்தும் கழித்துவிடுங்கள்.

"1080p வாங்கினால் தீருமே" என்று யாராவது வருவார்கள். உண்மையான 1080p என்றால் சரிதான். பெட்டியில் 1080p என்று அச்சடித்து, உள்ளே சின்ன சென்சாரை வைத்துப் படத்தை ஊதிப் பெரிதாக்கி விற்கிறார்களே, அந்தப் பிக்சலில் புதுத் தகவல் ஏது?

இனி ஒரு படத்தின் புள்ளிக்கு மற்றப் படத்தில் பொருத்தம் பார்ப்பது. படகின் நீளவாட்டில் அடித்த வண்ணப்பட்டை கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் இங்கே உதவாது. தேடல் நடப்பது கிடைமட்டத்தில். பட்டை நெடுக எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல இருப்பதால் எங்கும் பொருந்திவிடும். பாய்மரம், படகின் முனை, பனைமரத் தண்டு போன்ற நிமிர்ந்த விளிம்புகளை அளவுக்கு எடுங்கள். தண்ணீரின் மினுமினுப்பு இரு கேமராவுக்கும் வேறு வேறு இடத்தில் விழும், அதை ஒதுக்குங்கள். விரித்துப்போட்ட வலையில் பக்கத்துக் கண்ணியோடு பொருந்திப் பொய்த் தூரம் வரும். `StereoSGBM_create`-இல் `uniquenessRatio=15` வைத்தால் அப்படிப்பட்ட பல இடங்கள் வெற்றாகும். பட்டைதான் வேண்டுமென்றால் கேமராக்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, படங்களை 90 டிகிரி திருப்பிக் கொடுங்கள். அப்போது பாய்மரம் கைவிட்டுப் போகும்.