பின்னக் கூட்டலில் குழுவே தவறாக முடித்தால்

"குழுவாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன், எல்லோரும் 1/2 + 1/3 = 2/5 என்று முடித்துவிட்டார்கள். துணைநிற்பவராக இருக்கும் ஆசிரியர் குறுக்கிடலாமா?"

தாராளமாகக் குறுக்கிடுங்கள். ஆசிரியர் கற்றலுக்குத் துணைநிற்பவராக இருக்க வேண்டும் என்ற உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1969-இல் ஆசிரியரிடம் கேட்டது உண்மையாக இருப்பது, மாணவரை மதிப்பது, அவர் இடத்திலிருந்து புரிந்துகொள்வது. வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. புதிதாகக் கற்பவருக்கு வழி தேடுவதிலேயே கவனமெல்லாம் போய்விடும், ஒருவர் சொன்ன பிழைக்கு மற்றவர்கள் தலையாட்ட, அது சரியென்றே பதிந்துவிடும்.

"2/5 அரையைவிடச் சின்னது, அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும்?" என்று முதலில் கேளுங்கள். திகைத்து நின்றால் 3/6 + 2/6 = 5/6 என்று முழுதாகப் போட்டுக் காட்டி, அடுத்த கணக்கைப் பாதி போட்டுக் கொடுங்கள், அப்புறம் தனியே விடுங்கள். ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு இந்த விளக்கமே சுமை, அவர்களை மட்டும் அவர்கள் போக்கில் விடலாம்.