டைட்டில்ல மேனேஜர், உண்மையில எந்த லெவல்?

கேள்வி: டெஸ்டிங்ல 7 வருஷம், இப்ப சீனியர் டெஸ்டர். 'க்யூஏ மேனேஜர்'னு ஒரு போஸ்டிங் பாத்தேன், என் லெவலுக்கு மேலயா?

டைட்டில விடுங்க, யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு ஒரு வரி இருக்கும், அத மொதல்ல தேடுங்க. இன்ஜினியரிங் மேனேஜருக்குன்னு போட்டிருந்தா பேரு மேனேஜரா இருந்தாலும் பெரும்பாலும் அது லீட் வேலதான், டைரக்டருக்குன்னா நெஜமாவே மேனேஜர். ஆனா 40 பேர் இருக்கற ஸ்டார்ட்அப்ல சிடிஓக்கு ரிப்போர்ட்டிங்னு பாத்து மயங்கிடாதீங்க, அங்க பாதி பேர் அவருக்குதான் ரிப்போர்ட் பண்ணுவாங்க.

அப்புறம் வினைச்சொல்ல கவனிங்க. 'டெஸ்ட் கேஸ் எழுதணும், ரிலீஸுக்கு சப்போர்ட் பண்ணணும், ஜூனியர்ஸுக்கு சொல்லித் தரணும்'னு ஒரே ஒரு ப்ராடக்ட்டுக்கு இருந்தா அது நீங்க இப்ப பண்றதுக்கு ஒரு படி மேல, அவ்ளோதான், தைரியமா போடுங்க. அதுவே ஹையரிங், அப்ரைசல், பட்ஜெட், எல்லா ப்ராடக்ட்டுக்கும் டெஸ்டிங் ஸ்ட்ராட்டஜி முடிவு பண்றதுன்னு வந்தா ஆட்கள மேனேஜ் பண்ணினத ரெஸ்யூம்ல காட்டணும், இல்லன்னா கஷ்டம்.

வருஷக் கணக்க ரொம்ப நம்பாதீங்க, பல எச்ஆர் பழைய போஸ்டிங்லேந்து அப்படியே காப்பி பண்ணுவாங்க. லீட் வேல, மேனேஜர் வேல ரெண்டும் கலந்து குழப்பமா இருந்தா மொத ஃபோன் கால்லயே, 'எனக்கு கீழ எத்தன பேர், அவங்க அப்ரைசல் யாரு போடுவா?'ன்னு கேளுங்க. 'அப்ரைசல உங்க மேனேஜர் பாத்துப்பார்'னு பதில் வந்தா அது லீட் ரோல், சம்பளத்தையும் அந்த கணக்குலயே பேசுங்க.