புள்ளியை விடாதீர்கள்: குறுக்கெழுத்துக் கேள்வி பதில்

தக்கலை வாசகி: அண்ணாச்சி, 'நம் மாவட்டத் தலைநகரம், 6 கட்டம்'. நாகர்கோவில் என்று கணினியில் எண்ணினால் 11 வருகிறது!

கணினி ககரத்தை ஒன்றாகவும் ஓகாரக் குறியை இன்னொன்றாகவும் எண்ணும். புள்ளியும் தனிக்கணக்கு. நமக்குக் காலும் கொம்பும் ஒட்டிய எழுத்தோடு ஒரே கட்டத்தில் அடங்கும். 'கோ' காகிதத்தில் மூன்று உருவமாகத் தெரிந்தாலும் ஒரு கட்டம்தான். ஆனால் புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம் உண்டு: நா, க, ர், கோ, வி, ல். ஆறு. விரல் மடக்கும்போது ர், ல் இரண்டும் நழுவிவிடும். நாலு என்று எண்ணிச் சரியான விடையைத் தூக்கி எறிவார்கள். புள்ளியை விடாதீர்கள்.

குளச்சல் வாசகர்: கீழே இறங்கும் விடை 'ம்' என்று தொடங்குகிறது. மெய்யில் சொல் தொடங்காதே?

தொடங்காது. ஆனால் அது இறங்கும் விடைதானா? குறிப்பு 'கீழிருந்து மேல்' பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இடமிருந்து வலம் 'வள்ளம்' போட்டிருந்தால், கீழிருந்து ஏறும் 'குளம்' அதே 'ம்'மில் வந்து முடியும். இரண்டு சொல்லின் வாலும் ஒரே கட்டத்தில். அப்படியில்லாமல் குறிப்பு 'மேலிருந்து கீழ்' என்றே இருந்தால், உங்கள் குறுக்கு விடைதான் தப்பு. ரப்பரை எடுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: பறவை, 3 கட்டம். கௌதாரி நாலு எழுத்தாச்சே?

கௌ, தா, ரி. நீங்கள் கண்டது ளகரம் அல்ல, ஔகாரக் குறியின் வால்.

குலசேகரம் வாசகி: முக்கனியில் ஒன்று, 2 கட்டம். சக்கை எப்படி அடங்கும்?

வீட்டில் சக்கை, கட்டத்தில் பலா.

தோவாளை வாசகர்: 'தாழக்குடிப் பக்கம் ஆடிச் செவ்வாயில் கொழுக்கட்டை படைக்கப்படுபவர்', 5 கட்டம். ஔவையார் நாலுதானே?

ஔ, வை, யா, ர். நாலுதான். அமைத்தவர் 'அவ்வையார்' என்று நினைத்திருக்கிறார். அப்போது ஐந்து.

தோவாளை வாசகர்: அது எழுத்துப்பிழை!

பிழை என்று தள்ள முடியாது. அகரத்தோடு வகர மெய் சேர்ந்தால் ஔ போல ஒலிக்கும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது.

தக்கலை வாசகி: அப்போ ஐயர், அய்யர் இரண்டும் சரியா? விடைக்கு இரண்டு நீளம் வந்தால் நாங்கள் என்ன செய்ய?

கட்ட எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் ஒரே கட்டத்தாளில் ஓரிடம் ஔவை, இன்னோரிடம் அவ்வை என்று வைத்தால் நானும் சண்டைக்கு வருவேன்.

தோவாளை வாசகர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஔவுக்கு ஒரு கட்டம்தான்.

சரி, உங்கள் தாளில் அப்படியே வையுங்கள்.

கொல்லங்கோடு வாசகர்: பேச்சிப்பாறை 5தானே?

ஆறு. மேலே சொன்னதைப் படியுங்கள்.

இரணியல் வாசகி: கன்னியாகுமரி 6தானே?

ஏழு. 'ன்' எங்கே போச்சு?