வரிசையில் பாஸ் சரி, மேட்சில் ஏன் மொய்க்கிறார்கள்?

"பாலக்கோடு பக்கம் பி.இ.டி. ஆக இருக்கேன். ஏழாம் வகுப்புப் பசங்க ஃபுட்பால்ல வரிசையில நின்னு அருமையா பாஸ் போடுறாங்க. மேட்ச் விட்டா எல்லாரும் பந்தைச் சுத்தி மொய்க்கிறாங்க. ட்ரில்லைக் கூட்டணுமா?"

வேண்டாம் சார். வரிசையில் பிடுங்க வருகிறவன் கிடையாது. யாருக்கு, எப்போது தருவது என்று பையன் யோசிக்கவே வேண்டியதில்லை. மேட்சில் பாதி வேலை அதுதான். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆசிரியர்கள் பங்கரும் தோர்ப்பும் 1982-இல் சொன்னது இதையே: முதலில் சின்ன ஆட்டம், தேவை தெரிந்தபின் திறன்.

கிருஷ்ணகிரியில் நான் செய்வது: பத்து மீட்டர் சதுரம், மூன்று பேர் பந்தைக் காக்க, ஒருவன் பிடுங்க. இரண்டு நிமிடத்தில் விசில். "அப்படியே நில்லு. பந்து வச்சிருக்கிறவனுக்கு நீ தெரியுறியா?" பிடுங்குபவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவன் தானே சிரித்துக்கொண்டு இரண்டு எட்டு விலகுவான். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள் (நம்ம வாய் சும்மா இருக்காது, தெரியும்). பிறகு கோல்கீப்பர் இல்லாமல் நாலுக்கு நாலு.

மூன்று பாஸ்கூடத் தாங்கவில்லை என்றால் சதுரத்தைப் பதினைந்து மீட்டராக்குங்கள். விலகி நின்றும் பந்து காலில் பட்டுத் தெறித்தால் மட்டும், பந்தை நிறுத்தும் ட்ரில் ஐந்து நிமிடம். உடனே மறுபடி சதுரத்துக்குள்.