கிரைண்டரா, மிக்சியா: ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவது எப்படி?

கேள்வி: சமையலறைச் சாதனங்கள் பற்றி எழுதுகிறேன். ‘இட்லி மாவுக்கு கிரைண்டரா, மிக்சியா?’ என்ற கட்டுரையில் இரண்டின் நிறைகுறைகளையும் நடுநிலையாகத்தான் எழுதினேன். படித்தவர்கள் ‘ஏஐ எழுதியதா?’ என்று கேட்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: நீங்கள் அனுப்பிய பத்தி இது: “கிரைண்டரில் மாவு மென்மையாக வரும், ஆனால் இடத்தை அடைக்கும். மிக்சியில் சீக்கிரம் அரைக்கலாம். ஆனால் மாவு சூடாகும். அவரவர் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது.”

தகவல் எல்லாம் சரி. ஆனால் இடத்தை அடைப்பதும் மாவு சூடாவதும் இங்கே ஒரே எடையில் நிற்கின்றன. அடிக்கடி மாவரைக்கிறவருக்கு அவை ஒரே அளவுத் தொல்லையா? மேடையில் ஒரு மூலையை ஒதுக்கினால் முதல் குறை தீர்ந்தது. இரண்டாவது அப்படித் தீராது. மிக்சி பிளேடு வேகமாகச் சுற்றி உளுந்தை வெட்டுகிறது, அந்த வேகத்தில் மாவு சூடேறுகிறது. கல் நிதானமாக நசுக்கிக்கொண்டே காற்றையும் சேர்க்கிறது. அதனால்தான் கல்லில் உளுந்து பொங்கிப் பொங்கி வருகிறது. புழங்கியவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியும். அது எழுத்தில் வராதபோதுதான் கையால் தொடாதவர் எழுதியது போல் இருக்கிறது.

எழுத உட்காரும் முன் ஒரே ஒரு வாசகரை முடிவு செய்யுங்கள்: நான்கு பேர் உள்ள வீடு, வாரம் இரண்டு முறை மாவு. பிறகு ஒவ்வொரு குறையையும் எடுத்து, ‘இதற்காக இவர் வாங்காமல் விடுவாரா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். பத்தி அதன்மேல் நிற்கட்டும், மற்றவற்றுக்கு அரை வரி போதும். முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்:

“வாரம் இரண்டு முறை இட்லிக்கு மாவரைக்கிற வீட்டுக்கு கிரைண்டர்தான். மிக்சியில் உளுந்து அந்த அளவுக்குப் பொங்காது, இட்லியைப் பிட்டாலே தெரியும். கல்லைக் கழுவுவது வேலைதான், பழகிவிடும். தனியாக அறை எடுத்துத் தங்கி, எப்போதாவது தோசை சுடுகிறவர் மட்டும் வாங்க வேண்டாம். மிக்சியில் ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்தால் தோசைக்குப் போதும்.”

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். எதிர்த்தரப்பும் இருக்கிறது. ஆனால் யாருக்கு, எப்போது என்ற எல்லையோடு இருக்கிறது. நேர்மைக்கு அது போதும்.

திருத்தும்போது பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். ‘கண்டிப்பாக’, ‘சந்தேகமே இல்லை’ என்று சேர்ப்பார்கள். அதில் குரல் உயருமே தவிர காரணம் கூடாது. அல்லது துணிந்து ஒன்றைச் சொல்லிவிட்டு, ‘எனினும் உங்கள் விருப்பம்’ என்று கடைசியில் பின்வாங்குவார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். முடிவு சொல்லும் வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எதை வாங்கச் சொல்கிறீர்கள் என்று அவர் கண்டுபிடிக்கவில்லையென்றால் பத்தி இன்னும் நடுவில்தான் நிற்கிறது.

சில சமயம் உண்மையிலேயே வித்தியாசம் இருக்காது. ஒரே கொள்ளளவு, ஒரே வகைக் கல், ஒரே உத்தரவாதம் உள்ள இரண்டு கிரைண்டர்கள் என்றால், “விலை குறைந்ததை வாங்குங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.