டீக்கடை ரேடியோவில் ஓடிய பாட்டு

கேள்வி: சேலத்தில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். ஏற்காட்டில் 14 நிமிடக் குறும்படம் எடுத்தோம். டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் 1960-ல் வந்த கண்ணதாசன் பாட்டு ஓடுகிறது. ஸ்பாட்டிலேயே வசனத்தோடு பதிவாகிவிட்டது. பின்னணி இசைக்கு நெட்டில் ‘ராயல்டி ஃப்ரீ’ இசை வாங்கலாமா, கீபோர்டு வாசிக்கும் நண்பனையே போடச் சொல்லலாமா? அவன் காசு வேண்டாம் என்கிறான். காலேஜில் போட்டுக் காட்டிய பிறகு பட விழாக்களுக்கும் யூடியூபுக்கும் அனுப்ப ஆசை. நண்பனிடம்கூட எழுதி வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த டீக்கடையை முடித்துவிடுவோம். ஒரு பாட்டில் மூன்று பதிப்புரிமைகள் உண்டு: வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. (பலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட்.) ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுதான் ஆயுள். எனவே 1960 ஒலிப்பதிவின் உரிமை 2020-ஓடு முடிந்தது. “பழைய பாட்டுதானே” என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். வரிகளுக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் ஆயுளோடு மேலும் 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார், அதனால் அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உயிரோடு இருக்கிறது. அது இப்போது தயாரிப்பாளரிடமோ ஆடியோ கம்பெனியிடமோ இருக்கலாம். யாரிடம் என்று தேடுவதற்குள் உங்கள் படிப்பு முடிந்துவிடும்.

“தற்செயலாகப் பின்னால் ஓடியதுதானே” என்று கேட்பீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் தற்செயல் சலுகை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஓவியம், சிற்பம் போன்ற கலைப்படைப்புகளுக்கு மட்டும். டீக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் சாமி படம் ஃபிரேமில் விழலாம், ரேடியோ பாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. பத்து விநாடி, முப்பது விநாடி வரை போடலாம் என்று சொல்வதற்கும் சட்டத்தில் எந்த வரியும் கிடையாது.

அதே பிரிவில் மாணவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. பாடத்தின் பகுதியாகச் செய்வதும், ஆசிரியர், மாணவர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புள்ளவர்கள் முன்னால் மட்டும் போட்டுக் காட்டுவதும் மீறல் ஆகாது. அதாவது காலேஜ் கேட் வரைக்கும் பயமில்லை. பட விழாவும் யூடியூபும் கேட்டுக்கு வெளியே.

ஆகவே அந்தக் காட்சிக்கு வசனத்தை டப்பிங் செய்துவிடுங்கள். எடிட்டர் இதற்குள் சொல்லியிருப்பார், ஸ்பாட்டில் பதிவான பாட்டு ஷாட்டுக்கு ஷாட் தாவும். எப்படியும் அதை மாற்றத்தான் வேண்டும். ரேடியோவுக்கு அந்தக் காலத்துப் பாணியில் ஒரு புதுப் பாட்டை நண்பனே போடட்டும். பாணியை எடுக்கலாம், மெட்டை எடுக்கக் கூடாது.

இந்தப் பாட்டுக்காகவே நான் நண்பனின் இசைப் பக்கம் சாய்கிறேன். உங்கள் வெட்டுக்கு ஏற்ப வாசிப்பார், அனுமதி கேட்க வேண்டிய ஆளும் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். நெட்டில் வாங்கும் இசை அவசரத்துக்கு உதவும். ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை, ஒருமுறை பணம் கட்டினால் ஒவ்வொரு திரையிடலுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம் என்பதுதான். மலிவான பிளான் சிலவற்றில் சமூக வலைத்தளம் மட்டும் அடங்கும், பட விழா அடங்காது. அதைப் படித்துப் பாருங்கள். இலவச கிரியேட்டிவ் காமன்ஸ் இசையில் மாற்றக் கூடாது என்று சொல்லும் ‘என்.டி.’ என்ற குறி இருந்தால் தொடாதீர்கள். படத்தோடு இசையைச் சேர்ப்பதே அந்த இசையை மாற்றுவதாகத்தான் அந்த உரிமத்தில் கணக்கு.

சரி, நண்பன் விஷயத்துக்கு வருவோம். எழுதித்தான் வாங்க வேண்டும். வாய்வார்த்தை உரிமம் இந்தச் சட்டத்தில் நிற்காது. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டியதில்லை, ஒரு பக்கம் போதும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“இந்த 14 நிமிடக் குறும்படத்துக்காக நான் இசையமைத்து வாசித்த, கீழே பெயரும் நீளமும் குறித்துள்ள 5 இசைத் துண்டுகளை, படத்தோடும் டிரெய்லரோடும் சேர்க்கவும், வெட்டவும், நீட்டவும், பட விழா, கல்வி நிறுவனம், தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றில் காட்டவும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் அனுமதி தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த அனுமதி காலாவதி ஆகாது.”

கடைசி மூன்று விஷயங்கள் அலங்காரம் இல்லை. காலம் எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமம் போய்விடும், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. 19-ஆம் பிரிவின் இந்த விதிகள் 30ஏ பிரிவு வழியாக உரிமத்துக்கும் பொருந்துகின்றன. கொரியாவில் ஒரு விழாவுக்கு ஆறாவது ஆண்டில் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காசு வேண்டாம் என்பது நல்ல மனசு. ஆனால் பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. 100 ரூபாயாவது ஜிபே செய்து, குறிப்பில் படத்தின் பெயரைப் போடுங்கள். இதில் ஒரு சிக்கல் வரும். ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர், அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். உங்கள் காசில், உங்களுக்காகச் செய்தது என்றால் அது நீங்கள்தான் என்று ஆகக்கூடும். மெட்டு அவருடையது, பதிவு உங்களுடையது என்று ஒரே ஃபைல் இரண்டு பேருக்குப் பிரிந்து நிற்கலாம். “இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை என்னிடமே இருக்கும்” என்று அவர் எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. உங்களுக்கு வேண்டியது படத்தில் பயன்படுத்தும் அனுமதிதான், அவருடைய சொத்து அல்ல. நாளைக்கு அதே மெட்டை ஆல்பத்தில் போட நினைத்தால் போட்டுக்கொள்ளட்டும்.

நெட்டில் கிடைக்கும் ‘அனைத்து உரிமையும் விட்டேன், ராயல்டி கேட்க மாட்டேன்’ மாதிரிப் படிவத்தை எடுக்காதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர்த்த பயன்பாட்டில் இசையமைப்பாளருக்குரிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க வைக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. படத்தை யாராவது விலைக்குக் கேட்டால் அவருக்கு எத்தனை சதவீதம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். அன்றைக்குப் பேசினால் நட்பு கெடும்.

அப்புறம், நண்பனிடம் கேட்க இரண்டு கேள்விகள். ஒன்று, எல்லாம் சொந்த வாசிப்பா? லூப், சாம்பிள் ஏதாவது எடுத்திருந்தால் எந்தப் பேக்கிலிருந்து, அதன் உரிமம் படத்துக்குப் பொருந்துமா என்று எழுதட்டும். வயலினுக்கோ ரேடியோ பாட்டுக்கோ வேறு ஒருவரைக் கூப்பிட்டால் அவருக்கும் கலைஞருக்குரிய தனி உரிமை உண்டு. வரிகளை வேறு ஒருவர் எழுதினால் அவருடையது தனிப் பதிப்புரிமை. அவர்களிடமும் ஒரு கையெழுத்து.

இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறக்கிறார்கள். இந்த இசையை அவர் ஏதாவது விநியோகக் கம்பெனி வழியாக ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஏற்றப் போகிறாரா? ஏற்றும்போது, இசையைத் தானாக அடையாளம் காணும் யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’யிலும் சேர்ந்து பதிவானால், உங்கள் படத்தின் மேலேயே உரிமைக் கோரிக்கை வந்து விழும். அனுப்பியது நண்பன் இல்லை, மெஷின். “இந்தப் படத்தின் மீது கோரிக்கை எழுப்ப மாட்டேன், எழுந்தால் 7 நாளில் விலக்கச் செய்வேன்” என்று ஒரு வரி சேர்த்து, கடைசி மிக்ஸிங்குக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.